அக்காவுக்கு ஒரு பிரியாவிடை அட்டை, இரண்டு மொழியில்

வாசகர் கடிதம்

நான் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. எங்கள் சமையல்கார அக்கா 19 வருடம் வேலை செய்துவிட்டு இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான். ஆனால் கையெழுத்துப் போடும் 14 பேரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் இன்னொருவரும் மட்டும். அக்காவின் பிள்ளைகளும் ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள். முதல்வர், மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று போடச் சொல்கிறார். ஆங்கிலத்தில் எழுதியதை நான் இப்படி மொழிபெயர்த்தேன்:

“அன்புள்ள அக்கா, உங்கள் 19 ஆண்டு கால அர்ப்பணிப்புமிக்க சேவைக்கு நன்றி. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் விரைவில் நலம் பெறுங்கள். நாங்கள் உங்களைத் தவறவிடுவோம். உங்கள் நினைவுகள் என்றும் எங்கள் நெஞ்சில். அமைதியாக ஓய்வெடுங்கள். கண்ணீருடன் விடைபெறும், எங்கள் பள்ளிக் குடும்பத்தினர்.”

படித்தால் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. புரியாத மொழியில் இருப்பதற்குக் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று ஒரு தோழி கேட்கிறார். தமிழ் போட்டால் சீனமும் மலாயும் போட வேண்டாமா என்று இன்னொருவர் கேட்கிறார். அட்டையை வடிவமைக்கும் தோழியின் கோப்பில் தமிழ் எழுத்துகள் பிரிந்து பிரிந்து வருகின்றன. பேசாமல் ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துவிடலாமா?

மொழிபெயர்ப்பாளரின் பதில்

அன்புச் சகோதரி,

ஆங்கிலத்தில் மட்டும் கொடுக்க வேண்டாம். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் நீட்டி, “என்னம்மா எழுதியிருக்காங்க?” என்று கேட்கும்படி ஆகிவிடும். தனக்கு வந்த வாழ்த்தை முதலில் படிக்கும் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

சீனமும் மலாயும் வேண்டாமா என்று கேட்டவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகள் என்பது அரசாங்கம் பொதுமக்களோடு பேசுவதற்கான ஏற்பாடு. பெறுகிறவர் படிக்கும் மொழியில் ஓர் அட்டை எழுதினால் யாருக்கும் எந்த உரிமையும் குறையாது. அவரவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் சீனத்திலோ மலாயிலோ ஒரு வரி எழுத விரும்பினால் எழுதட்டும், அது அட்டைக்கு அழகுதான்.

தோழி கேட்ட கேள்வி வேறு ரகம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அவர் கேட்டது முழுக்க நியாயம். அதற்கு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன். முதலில் உங்களை உறுத்தியது என்ன என்று பார்ப்போம்.

உறுத்தல் எங்கே இருக்கிறது

உங்கள் தமிழை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் நாளிதழில் இரங்கல் விளம்பரம் வரும் பக்கத்தின் மொழி அது. ‘உங்கள் நினைவுகள் என்றும் எங்கள் நெஞ்சில்’, ‘கண்ணீருடன்’, கடைசியில் ‘குடும்பத்தினர்’. இவை மூன்றும் ஒன்றாக வந்தாலே தமிழ் படிக்கும் கண்ணுக்கு மாலை போட்ட படம் ஒன்று தெரிந்துவிடும். அதற்கு நடுவில் ‘அமைதியாக ஓய்வெடுங்கள்’ வேறு. ஓய்வு பெறுகிறவரிடம் ஆங்கிலத்தில் ‘ரெஸ்ட் வெல்’ என்றால் அதில் ஒன்றுமில்லை. தமிழில் ‘அமைதி’யும் ‘ஓய்வு’ம் சேர்ந்தால் அது உயிரோடு இருப்பவருக்குச் சொல்கிற சொல் அல்ல. அக்கா வயதுக்காரர்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் படும்.

‘விடைபெறும்’ என்ற சொல்லிலும் ஆள் மாறிவிட்டது. கிளம்புகிறவர்தான் விடை பெறுவார், இருப்பவர்கள் விடை கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் ‘குட்பை’ என்று இரண்டு பக்கமும் சொல்லலாம், அதனால் மொழிபெயர்க்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. நீங்கள் எழுதியபடி பார்த்தால் வேலையை விட்டுப் போவது நீங்கள் 14 பேரும்தான்.

‘தவறவிடுவோம்’ என்பது பேருந்துக்குப் பொருந்தும். ‘மிஸ் யூ’ என்பதற்கு ஒரே சொல்லாகத் தமிழில் தேடினால் கிடைக்காது, நானும் பல வருடம் தேடியிருக்கிறேன். தமிழில் அந்த உணர்வைச் சொல்ல, அந்த ஆள் இல்லாவிட்டால் எது வெறுமையாக இருக்கும் என்று காட்டுவோம். ‘நீங்கள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை’ என்று வீட்டில் சொல்வதில்லையா, அந்த மாதிரி. எனவே சொல்லைத் தேடாதீர்கள். அக்கா இல்லாவிட்டால் பள்ளியில் எது இருக்காது என்று யோசியுங்கள்.

அப்புறம் ‘அர்ப்பணிப்புமிக்க சேவை’. இது நீண்டகாலச் சேவைச் சான்றிதழில் வரும் சொல். பள்ளி நிர்வாகம் சான்றிதழ் கொடுத்தால் அதில் இருக்கட்டும்.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சையை எடுத்துவிடுங்கள், இரண்டு மொழியிலும். நீங்கள் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த அட்டையை 14 பேர் படிப்பார்கள், விழாவில் பெற்றோர்கள் படம் எடுப்பார்கள். தன் உடம்பைப் பற்றி யாரிடம் சொல்வது என்பது அக்காவின் விருப்பம். உங்களிடம் சொன்னது எல்லோரிடமும் சொன்னதாகாது. நலம் விசாரிக்க நேரில் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

தமிழ்ப் பக்கம்: புதிதாக எழுதுங்கள்

ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழில் தொடங்குங்கள். சக ஆசிரியர்களிடம் ஒரு நாள் மதிய உணவின்போது, “அக்கா என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லட்டும், மலாயில் சொல்லட்டும், குறித்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாதவர்களின் பங்கு தமிழ்ப் பக்கத்துக்குள் வருவது இப்படித்தான். தோழி சொன்ன ஒரு விஷயம் அதில் இருந்தால், அதற்குக் கீழே கையெழுத்துப் போட அவருக்கே ஆசை வரும்.

உங்கள் பள்ளியில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. பாலர் பள்ளிச் சமையலறைகளில் வழக்கமாக நடப்பதை வைத்து ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். விவரங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

“அன்பு அக்கா,

காலை ஏழு மணிக்கு நாங்கள் கதவைத் திறக்கும்போதே நம் பள்ளியில் உங்கள் சமையல் மணக்கும். முட்டை ஆகாத பிள்ளை யார், மீன் முள்ளுக்குப் பயப்படும் பிள்ளை யார் என்று எங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பச்சைப்பயறு சூப்பில் சட்டியைச் சுரண்டியவர்களில் நாங்களும் உண்டு. 19 ஆண்டுகளாக யாரையும் பசியாறாமல் வகுப்புக்குள் போக விட்டதில்லை நீங்கள். இனி உங்கள் காலை உங்களுக்கே. பேரப்பிள்ளைகளோடு நிதானமாகப் பசியாறுங்கள். நம் பள்ளிப் பக்கம் வரும்போது எட்டிப் பாருங்கள். போய் வாருங்கள், அக்கா.

அன்புடன், உங்கள் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும்”

இதில் ‘எங்கள்’, ‘நம்’ இரண்டும் வருவதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அதனால் மொழிபெயர்ப்பில் கை தானாக ‘எங்கள்’ என்று எழுதிவிடும். ‘எங்கள் பள்ளி’ என்றால் கேட்கிறவர் அதில் சேர்த்தி இல்லை. 19 வருடம் சமைத்துப் போட்டவரிடம் ‘எங்கள் பள்ளிக்கு ஒருநாள் வாருங்கள்’ என்று எழுதினால், அவர் விருந்தாளி ஆகிவிட்டார். ‘நம் பள்ளி’ என்றால் ஓய்வுக்குப் பிறகும் அது அவருடையதும்தான். அதே சமயம், ‘எங்களுக்கு முன்பே உங்களுக்குத் தெரியும்’ என்ற இடத்தில் ‘நமக்கு’ வராது, அங்கே நீங்கள் வேறு, அவர் வேறு. எழுதி முடித்ததும் இந்தச் சொற்களுக்கு மட்டும் ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள்.

‘பசியாறுங்கள்’ என்பதை வேண்டுமென்றே போட்டேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை உணவுக்கு நம் வீடுகளில் புழங்கும் சொல் அது. அக்கா தமிழ்நாட்டிலிருந்து வந்தவராக இருந்தாலும் 19 வருடத்தில் காதில் விழாமல் இருந்திருக்காது. ‘காலைச் சிற்றுண்டி அருந்துங்கள்’ என்று எழுதினால் ஹோட்டல் அறிவிப்புப் போல இருக்கும்.

‘போய் வாருங்கள்’ என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘போய்ட்டு வரேன்’ என்கிறோம். அட்டையின் முகப்புக்கு ‘பிரியாவிடை’ என்று போடலாம். அந்தச் சொல்லுக்குள்ளும் ‘பிரியா’ இருக்கிறது, பிரியாமல் கொடுக்கும் விடை. ஆனால் உள்ளே, கடைசி வரியாக, ‘போய் வாருங்கள், அக்கா’தான் நிற்கும்.

ஆங்கிலப் பக்கம்: நகலாக வேண்டாம்

இரண்டு மொழியிலும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால்தான் நேர்மை என்று நினைக்கிறீர்கள் போலும். அது அறிவிப்புப் பலகைக்குச் சரி. அங்கே எல்லா வாசகரும் ஒரே செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் அட்டையின் ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கப்போவது அக்காவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தங்கள் அம்மா வேலை செய்யும் இடத்தில் என்ன செய்தார் என்பது அவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். எனவே ஆங்கிலத்தில் நான்கே வாக்கியம் போதும்: உங்கள் அம்மா 19 ஆண்டுகள் எங்கள் பிள்ளைகளுக்கு உணவு சமைத்தார், யாருக்கு என்ன ஒவ்வாது என்பதை ஒருநாளும் மறந்ததில்லை, பள்ளி முழுவதும் அவரை அக்கா என்றே அழைத்தது, இனி அவருடைய காலை நேரம் உங்களுக்குக் கிடைக்கிறது. இங்கே ‘எங்கள் பிள்ளைகள்’ சரி, ஏனென்றால் பேசுவது குடும்பத்தாரிடம்.

அந்தப் பக்கத்தில் ‘அக்கா’ என்பதை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதுங்கள். மூத்த சகோதரி என்று மொழிபெயர்க்கவும் வேண்டாம், ‘ஆன்ட்டி’ ஆக்கவும் வேண்டாம். சீனப் பிள்ளைக்கும் மலாய்ப் பிள்ளைக்கும் அது உறவுச் சொல் அல்ல, அவருடைய பெயர். பெயராகிவிட்ட சொல்லை மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 2014இல் ‘லாவ் பா சாட்’ உணவங்காடிக்கான ஒரு வழிகாட்டிப் பலகையில் கடைசிச் சொல்லைச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டு ‘சனி’ என்று தமிழில் எழுதியிருந்தார்கள்.

அப்படியானால் தோழியின் கேள்வி? தமிழ்ப் பக்கத்துக்கு நேரான, வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை ஒரு தாளில் எழுதி, அட்டையோடு உறையில் வைத்துச் சுற்றுக்கு விடுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொருவரும் படிக்கட்டும், ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் சொல்லட்டும். அதனால் சுற்று தொடங்கும்போது தமிழ்ப் பக்கம் பென்சிலில் அல்லது தனித்தாளில் இருக்கட்டும், மையில் வேண்டாம். கையெழுத்துகள் முடிந்ததும் அந்த மொழிபெயர்ப்புத் தாளை எடுத்துவிடலாம். நகல் மொழிபெயர்ப்பு தேவைப்படுவது அந்தத் தாளில்தான், அட்டையில் அல்ல.

விழாவில் தமிழ்ப் பக்கத்தை நீங்கள் சத்தமாகப் படியுங்கள். தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் தமிழ் தெரியாது என்பதும் ஒன்றல்ல. அக்காவின் பிள்ளைகள் வீட்டில் அவரோடு தமிழில் பேசுகிறவர்களாக இருந்தால், எழுத்தில் திணறினாலும் காதில் விழுந்ததும் புரிந்துகொள்வார்கள். வாக்கியங்களைச் சிறியதாக வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இடமும் எழுத்தும்

மேலே ஆங்கிலம், கீழே தமிழ் என்று வைத்தால் தமிழ் அடிக்குறிப்பாகிவிடும். அதோடு இடக்கணக்கும் தப்பும். தமிழில் சொற்களின் எண்ணிக்கை ஆங்கிலத்தைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் நீளம். ‘பேரப்பிள்ளைகளோடு’ ஒன்றே அரை வரியைப் பிடிக்கும். முதல்வரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஏ4 தாளை இரண்டாக மடித்த அட்டை. திறந்ததும் முதலில் கண் போகிற வலப்பக்கம் முழுவதும் தமிழ். இடப்பக்கத்தின் மேல்பாதியில் அந்த நான்கு ஆங்கில வாக்கியங்கள், கீழ்ப்பாதியில் கையெழுத்துகள். எந்த மொழியும் எதற்கும் கீழே இல்லை.

எழுத்து ஏன் பிரிகிறது என்றால், ‘கொ’ என்று தட்டும்போது கணினி அதைக் ககரத்துக்குப் பின்னால் ஓர் உயிர்க்குறியாகத்தான் சேமிக்கிறது. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டியிருந்தாலும் சில மென்பொருள்களில் இப்படிப் பிரியும். தோழியை முதலில் அந்த இடைவெளியைச் சுழியமாக்கச் சொல்லுங்கள், அடுத்து எழுத்துருவை Noto Sans Tamil என்று மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியானதா என்று தெரிந்துகொள்ள, தமிழ் தெரியாத அவருக்கு ‘பேரப்பிள்ளைகளோடு’ என்ற ஒரு சொல்லைத் தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் எழுத்துக்கு முன் ஒரு கொம்பு, கடைசிக்கு முந்தைய எழுத்துக்கு முன் ஒரு கொம்பும் பின் ஒரு காலும் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடியும். திரையில் சரியாக இருந்தது அச்சில் உடைவதும் உண்டு, ஆகவே ஒரு படி அச்சடித்துப் பார்க்காமல் முடிக்காதீர்கள்.

ஆனால் என் விருப்பத்தைக் கேட்டால், தமிழ்ப் பக்கத்தை நீங்களே கையால் எழுதுங்கள். பளபளப்பில்லாத தடித்த தாள் வாங்குங்கள், பளபளப்பான அட்டையில் ஜெல் பேனா மை இழுவும். பென்சிலால் 8 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால், மேலும் கீழும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு 22 வரி கிடைக்கும். மேலே உள்ள மாதிரி 60 சொல்லுக்குச் சற்று அதிகம். வரிக்கு மூன்று சொல் என்றால் இறுக்கமாகத்தான் அடங்கும், பத்தி பிரிக்காமல் எழுதுங்கள். அதைவிட நெருக்கிக் கோடு போட்டால் ‘கூ’வின் வாலும் அடுத்த வரி ‘கி’யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

யாராவது தமிழில் ஒரு சொல்லாவது எழுத ஆசைப்பட்டால் ‘நன்றி’ என்று பென்சிலில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், அதன் மேலேயே பேனாவால் எழுதட்டும். புதிதாக எழுதுகிறவர்கள் ‘ன்’ மேல் உள்ள புள்ளியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கையெழுத்து முடிந்தபின் ஒவ்வொன்றுக்கும் கீழே, அக்கா அவர்களை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே, பெயரைத் தமிழில் சிறிதாக எழுதி வையுங்கள். ஆங்கிலக் கிறுக்கலில் யார் எது என்று அவருக்குத் தெரியாமல் போகலாம். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதாமல், சொல்லக் கேட்டு எழுதுங்கள். தமிழ் முரசு ‘இங்’ என்று எழுதும் Ng என்ற குடும்பப் பெயரை ஆங்கில எழுத்தை வைத்து உங்களால் ஊகிக்கவே முடியாது.

கடைசியாக, உறையின் மேல் அக்காவின் பெயர். சம்பளப் பதிவில் ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்துத் தமிழாக்காதீர்கள். ஒரே ஆங்கில எழுத்துக்கோவையை லட்சுமி என்றும் லெட்சுமி என்றும் இலட்சுமி என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவரவருக்கு அவரவர் எழுத்துதான் பெயர். சமையலறையில் அவர் கையால் எழுதி ஒட்டிய சாமான் பட்டியல் ஏதாவது இருந்தால் அதில் பெயர் போட்டிருக்கிறாரா பாருங்கள். இல்லாவிட்டால் வேறு ஏதாவது சாக்கில் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.